மலையில் டெங்கு: வலி மாத்திரை ஏன் கூடாது, ஆஸ்பத்திரிக்கு எப்போது கிளம்ப வேண்டும்

ஊட்டிக் குளிரில் கொசுவே குறைவு. இங்கே எப்படி டெங்கு வரும்?

கொசு மலையேறி வரத் தேவையில்லை, காய்ச்சல் மனிதரோடு பஸ்ஸில் வந்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். கோயம்புத்தூரில் படிக்கிற பெண், திருப்பூரில் வேலை பார்க்கிற பையன், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி ஏற்றிப் போய் வருகிற டிரைவர், எல்லோரும் கீழே கடிபட்டு மேலே வந்து படுக்கிறார்கள். உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே கொசு பெருகுவது கடினம். ஆனால் கூடலூர், பந்தலூர் பக்கம் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான், வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்த இடம். அங்கே உள்ளூரிலேயே கொசு உண்டு.

அதனால் மலையில் ஒருவருக்குத் திடீரென்று கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பும் மூட்டும் முறிகிற மாதிரி வலி என்றால், கடந்த இரண்டு வாரத்தில் கீழே போனாரா என்று முதலில் கேளுங்கள். பதிலை டாக்டரிடமும் நீங்களே சொல்லுங்கள். குளிர்ப் பிரதேசம் என்பதால் யாருக்கும் அது உடனே நினைவுக்கு வராமல் போகலாம்.

ரெண்டாம் நாள் காய்ச்சல்தான். டெங்குவா இல்லையான்னே தெரியாது. இப்பவே வலி மாத்திரையை நிறுத்தணுமா?

ஆமாம், இப்போதே நிறுத்துங்கள். டெஸ்ட் முடிவு வரும்வரை காத்திருந்து நிறுத்துவதில் பயன் இல்லை. முதல் சில நாட்களில் எடுக்கும் என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ் என்றால் டெங்கு என்று நம்பலாம். நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐ.ஜி.எம். பரிசோதனை ஐந்தாம் நாளுக்குப் பிறகுதான் ஓரளவு தெளிவாகக் காட்டும். இந்த இடைவெளியில் சாப்பிட்ட மாத்திரையின் விளைவு, ஆபத்தான நாட்களிலும் உடம்பில் மிச்சம் இருக்கலாம்.

இன்னொன்று. மலையில் உண்ணிக் காய்ச்சலும் எலிக் காய்ச்சலும் உண்டு. ஆரம்பத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்குத் தனி மருந்து இருக்கிறது, அதை நாள் கடத்தாமல் கொடுக்க வேண்டும். டெங்குதான் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு மடிப்பு இங்கெல்லாம் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆஸ்பிரினும் புரூஃபெனும் காய்ச்சலைக் குறைக்கிற மருந்துதானே அக்கா? டெங்குல மட்டும் ஏன் ஆகாது?

டெங்குவில் உடம்பின் மூன்று இடங்கள் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கும். இந்த மருந்துகள் சரியாக அந்த மூன்றிலேயே கை வைக்கின்றன.

முதலாவது இரத்தத் தட்டணு, பிளேட்லெட் என்று எல்லோரும் சொல்வது. காயம் பட்ட இடத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இரத்தத்தை நிறுத்துவது இதுதான். டெங்குவில் இதன் எண்ணிக்கை குறைகிறது. ஆஸ்பிரின், மிச்சம் இருக்கிற தட்டணுக்களையும் ஒட்டவிடாமல் செய்துவிடும். ஒட்டுவதற்குத் தேவையான ஒரு நொதியை அது நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது என்பதால் அந்த நொதியை அதனால் திரும்பத் தயாரிக்க முடியாது. ஒரு தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அதாவது முதல் நாள் தலைவலிக்குப் போட்ட ஒரு டிஸ்பிரின், ஐந்தாம் ஆறாம் நாளிலும் வேலை செய்துகொண்டிருக்கும். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இதே நொதியைத் தற்காலிகமாகத்தான் தடுக்கின்றன, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அந்த விளைவு விலகும். அதனால் அவை பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த இரண்டு காரணங்கள் அவற்றுக்கும் பொருந்தும்.

இரண்டாவது இரைப்பை. வயிற்றின் உட்சுவரை அமிலத்திடமிருந்து காக்கும் சளிப்படலம், புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நம்பி இருக்கிறது. வலி மாத்திரைகள் வலியைக் குறைப்பதே இந்தப் பொருளைத் தடுத்துத்தான். படலம் மெலிந்து வயிற்றில் புண் விழும். சாதாரண நாளில் அது கொஞ்சம் எரிச்சலோடு போய்விடலாம். தட்டணு குறைந்த நாளில் அதே புண் நிற்காமல் கசியும். வெளியே ஒன்றும் தெரியாது. மறுநாள் மலம் தார் மாதிரிக் கறுத்துப் போகும்போதுதான் தெரியும்.

மூன்றாவது சிறுநீரகம். டெங்குவின் கடுமையான கட்டத்தில் இரத்தக் குழாயிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிகிறது, உள்ளே ஓடும் இரத்தத்தின் அளவு குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் குழாயை விரித்து வைத்துக் காப்பாற்றுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். அதையும் தடுத்துவிட்டால் சிறுநீரகம் பட்டினி கிடக்கும்.

இவற்றோடு சேர்த்து நான் அதிகம் பயப்படுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. டெங்குவில் காய்ச்சல் எப்போது இறங்குகிறது, வயிறு எப்போது வலிக்கத் தொடங்குகிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் வீட்டில் இருப்பவர்கள் நிலைமையைக் கணிக்க முடியும். வலி மாத்திரை இரண்டையும் மறைத்துவிடுகிறது. வயிறு வலித்தாலும் "மாத்திரை போட்ட சூடு" என்று காரணம் கிடைத்துவிடுகிறது.

குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் எந்த வைரஸ் காய்ச்சலிலும் கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய் என்ற அபூர்வமான, உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும்.

எங்க வீட்டு டப்பாவில இருக்கிற மாத்திரையில எதெல்லாம் தொடக் கூடாது?

முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அட்டையைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், நாப்ராக்சென், நிமிசுலைடு இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

சிக்கல் கூட்டு மாத்திரைகளில்தான். காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு இபுபுரூஃபெனும் இருக்கிறது. தேயிலை பறிக்கிற பலரும் முழங்கால் வலிக்கு வைத்திருக்கும் ஸீரோடால்-பி, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. "இதிலும் பாராசிட்டமால்தான் இருக்கு" என்று நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அதோடு ஒரு டோலோவும் கொடுத்தால் பாராசிட்டமாலும் இரட்டிப்பாகிறது. டெங்குவில் கல்லீரல் ஏற்கெனவே வீங்கி இருக்கலாம், அந்தச் சுமை அதற்கு ஆகாது.

மெஃப்தால்-பி சிரப் இன்னொரு குழப்பம். பெயரில் இருக்கும் 'பி' பாராசிட்டமால் அல்ல, அது குழந்தைகளுக்கான மெஃபனாமிக் ஆசிட். மாதவிடாய் வலிக்கு வாங்கி வைத்திருக்கும் மெஃப்தால் ஸ்பாஸ் மாத்திரையிலும் அதே மருந்துதான். காய்ச்சலோடு மாதவிடாயும் வந்தால் பழக்கத்தில் கை அதற்குத்தான் போகும். டெங்குவில் அந்த உதிரப்போக்கே அதிகமாக வாய்ப்பு உண்டு, அதிகமானால் அது ஆபத்து அறிகுறி.

தைலம் தேய்க்கலாமா?

யூகலிப்டஸ் தைலத்தில் ஆஸ்பிரின் வகை எதுவும் இல்லை. நெற்றியிலும் காலிலும் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம். நம் ஊர்க் கடைகளில் பக்கத்துப் பாட்டிலில் விற்கும் விண்டர்கிரீன் தைலம் வேறு. அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. வலிக்கான களிம்புகள் பலவற்றிலும் அது இருக்கிறது. மூட்டில் ஒரு துளி தேய்த்ததற்காகப் பதற வேண்டாம். காய்ச்சல் உடம்பு முழுக்கத் தேய்த்துக் கம்பளியால் மூடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஒரு டீஸ்பூன் விண்டர்கிரீன் தைலம் உள்ளே போனால் அது இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம், சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கும். யூகலிப்டஸ் தைலத்தையும் குடிக்கக் கொடுக்கக் கூடாது. இரண்டையும் கை எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒரு ஊசி போட்டா உடம்பு வலி போயிடும், மறுநாள் வேலைக்குப் போயிடலாம். அதில என்ன தப்பு?

அந்த ஊசி பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காக இருக்கும். மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். அதற்கு மேல், தட்டணு குறைந்திருக்கும்போது தசையில் குத்தினால் உள்ளே இரத்தம் கட்டி வீங்கும். சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்த்துப் போடுவார்கள். காய்ச்சல் சட்டென்று இறங்கும், உடம்பு லேசானது போலத் தோன்றும். ஆனால் டெங்குவின் போக்கை ஸ்டீராய்டு மாற்றுவதில்லை. "காய்ச்சலுக்கு ஊசி வேண்டாம் டாக்டர், டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை.

சரி, பாராசிட்டமால் எவ்வளவு கொடுக்கலாம்?

பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று. அடுத்ததற்குக் குறைந்தது 6 மணி நேர இடைவெளி. நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். 650 மாத்திரை நான்கு என்றால் 2,600 மில்லிகிராம், இது பெரியவர்களுக்கான 3 கிராம் வரம்புக்குள் நிற்கும். ஒல்லியான உடம்பு, வயதானவர் என்றால் 500 போதும். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர், தினமும் குடிப்பவர் என்றால் டாக்டரைக் கேட்டுத்தான் அளவு.

குழந்தைக்கு எடையை வைத்துக் கணக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு முறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 20 கிலோ குழந்தை என்றால் 200 முதல் 300 வரை. 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் சிரப் என்றால் 5 மில்லி கொடுக்கலாம். 5 மில்லியில் 125 என்று எழுதியிருந்தால் 10 மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து மிகவும் செறிவானது, 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதை சிரப் என்று நினைத்து ஸ்பூனில் ஊற்றிவிடக் கூடாது.

இதைக் கொடுத்தும் காய்ச்சல் 103-இலிருந்து 101-க்குத்தான் இறங்கும். டெங்கு அப்படித்தான், மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த இடத்தில் பொறுமை இழந்துதான் பலர் வலி மாத்திரைக்குப் போகிறார்கள். மாத்திரைகளுக்கு நடுவே வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடையுங்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். நம் குளிரில் பச்சைத் தண்ணீரால் துடைத்தால் நடுக்கம் வந்து சூடு இன்னும் ஏறும்.

அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. இனி பயமில்லைதானே?

பயப்பட வேண்டிய நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் தொடங்கிய 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையில், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கலாம். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் மாதிரி, நீர் வடிந்து உள்ளே இருப்பது கெட்டியாகும். வடிந்த நீர் வயிற்றிலும் நெஞ்சைச் சுற்றியும் சேரும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பலருக்கு லேசாகவே இருந்துவிட்டுப் போய்விடும். சிலருக்கு எழுந்து நிற்க முடியாத அளவுக்கு இரத்த அழுத்தம் இறங்கிப் போகும்.

உதாரணமாக ஒருவரை வைத்துப் பார்ப்போம். கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம், 24 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வியாழன் இரவு காய்ச்சலோடு வீட்டுக்கு வருகிறார், அதுதான் முதல் நாள். வெள்ளியன்று 103. அப்பாவின் முழங்கால் மாத்திரையில் இரண்டு கொடுக்கிறார்கள். வியர்த்து, வலி போய், பையன் எழுந்து உட்காருகிறார். சாயங்காலம் காய்ச்சல் திரும்புகிறது. சனிக்கிழமை இரத்தப் பரிசோதனையில் என்.எஸ்.1 பாசிட்டிவ், தட்டணு 1,40,000, ஹெமட்டோகிரிட் 41. ஹெமட்டோகிரிட் என்பது இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், நீர் கசிந்து இரத்தம் கெட்டியானால் இது ஏறும். டாக்டர் வலி மாத்திரையை நிறுத்தி, பாராசிட்டமாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் எழுதி, தினமும் வந்து பார்க்கச் சொல்கிறார். ஞாயிறு மழை, போகவில்லை. திங்கள் காலை, ஐந்தாம் நாள், மாத்திரை போடாமலேயே 99. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பதினொரு மணிக்கு மேல்வயிற்றில் வலி. சாப்பிடாததால் கேஸ் என்று நினைக்கிறார்கள். மூன்று மணிக்குள் இரண்டு முறை வாந்தி. காலை எட்டு மணிக்குப் பிறகு சிறுநீர் போகவில்லை. பேச்சுக் கொடுத்தால் எரிச்சல் படுகிறார், பிறகு சுருண்டு படுத்துவிடுகிறார்.

ஆஸ்பத்திரியில் இரத்த அழுத்தம் 100/80. மேலே உள்ள எண் 100 என்பதால் பரவாயில்லை என்று தோன்றும். பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளி. வழக்கமாக 40 அளவில் இருக்க வேண்டியது 20 ஆகச் சுருங்கியிருக்கிறது. அது அதிர்ச்சி நிலையின் வாசல், அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையின் தொடக்கம். ஹெமட்டோகிரிட் 50, அதாவது 41-இலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. தட்டணு 42,000. நரம்பு வழியாக அளவோடு திரவம் ஏற்றி, மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டால் இந்த நிலையிலிருந்து பெரும்பாலோர் மீண்டு வருவார்கள். மாலை வரை கேஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டு இருந்திருந்தால் கதை வேறு. சனிக்கிழமை எடுத்த 41 என்ற எண் கையில் இருந்ததால்தான் 50-இன் அர்த்தம் புரிந்தது. முதல் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கையோடு எடுத்துப் போங்கள்.

இங்கே எல்லாருக்கும் எப்பவுமே கை கால் சில்லுனுதான் இருக்கும். அதை வெச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மலையில் டெங்கு கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கீழே சமவெளியில் கை கால் சில்லிட்டால் உடனே சந்தேகம் வரும். இங்கே ஒரு கம்பளி கூடப் போர்த்திவிட்டுப் போய்விடுவோம்.

அதே அறையில், அதே நேரம் இருக்கும் நல்ல உடம்புக்காரர் ஒருவரோடு ஒப்பிடுங்கள். நோயாளியின் கையைப் பத்து நிமிடம் போர்வைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். பிறகு கையை நெஞ்சு மட்டத்தில் பிடித்து, விரல் நகத்தை 5 வினாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். உங்கள் விரலில் உடனே நிறம் வந்து, அவர் விரலில் மூன்று நான்கு வினாடி ஆகிறது என்றால் அது குளிர் இல்லை. போர்வைக்குள் இருந்தும் கை சூடாகாமல் பிசுபிசுவென்று வியர்த்திருந்தாலும் அப்படித்தான். மணிக்கட்டில் நாடி வேகமாக, மெலிந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

சிறுநீர் இன்னும் நேர்மையான சாட்சி. குளிரில் நமக்கெல்லாம் அடிக்கடி வரும். அந்தக் குளிரிலும் ஒருவர் 6 மணி நேரம் போகவில்லை என்றால் உடம்பில் நீர் போதவில்லை. ஒரு தாளில் மணி, வெப்பம், குடித்தது, சிறுநீர் போன நேரம் நான்கையும் எழுதி வாருங்கள். இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் பார்க்கும்போது இந்தத் தாள் இல்லாமல் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என்னென்ன தெரிஞ்சா உடனே கிளம்பணும்?

விடாத வயிற்று வலி, அல்லது வயிற்றைத் தொட்டாலே வலிப்பது. ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் வாந்தி, குடிப்பதெல்லாம் வெளியே வருவது. மூக்கு, ஈறு, மலம், வாந்தி, மாதவிடாய் எதிலாவது இரத்தம். அளவுக்கு மீறிய சோர்வு, அல்லது இருப்புக்கொள்ளாத எரிச்சல், பேச்சில் குழப்பம். எழுந்து நின்றால் மயக்கம். மூச்சுத் திணறல், வயிறு உப்பல். 6 மணி நேரம் சிறுநீர் இல்லாதது. சில்லிட்ட, வியர்த்த கை கால். இவற்றில் ஒன்று போதும். இரண்டாவது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

நம் ஊரில் கிளம்புவதற்கே ஒரு கணக்கு வேண்டும். டெங்கு அதிகமாகும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிவதும். மரம் விழுந்து இரண்டு மணி நேரம் ரோடு அடைபடுவது புதிதில்லை. எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதே சிலருக்குப் பெரும்பாடு, இரவில் யானைப் பயம் வேறு. அதனால் என் அபிப்பிராயம் இது: மருத்துவமனையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருப்பவர்கள், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், காய்ச்சல் இறங்குகிற அன்று பகலிலேயே போய் இரத்த அழுத்தமும் ஹெமட்டோகிரிட்டும் பார்த்துவிட வேண்டும். முடிந்தால் அடுத்த இரண்டு இரவும் டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்க வையுங்கள்.

அறிகுறி வந்துவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். நேரே கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பக்கத்தில் இருக்கிற அரசு மருத்துவமனையில் முதலில் டிரிப் போட்டு இரத்த அழுத்தத்தை நிலைப்படுத்திய பிறகு, தேவையானால் அவர்களே மாற்றி அனுப்புவார்கள். அதிர்ச்சி நிலையில் இருப்பவரை டிரிப் இல்லாமல் காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவது மிகவும் ஆபத்து.

தாகமே எடுக்க மாட்டேங்குது, எப்படிக் குடிக்க வைக்கிறது?

குளிரில் தாகம் நம்பத்தகுந்த வழிகாட்டி அல்ல, மணி பார்த்துக் கொடுங்கள். பெரியவருக்கு நாளுக்கு இரண்டு, இரண்டரை லிட்டர். உப்புச் சர்க்கரைக் கரைசலின் பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது. வெதுவெதுப்பாகவே கொடுக்கலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர், பால், பருப்புத் தண்ணீர் எல்லாம் சரி. வெறும் தண்ணீரையும் வெறும் கட்டன் டீயையும் மட்டும் நம்பக் கூடாது. வாந்தி வருகிறவருக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு ஸ்பூன். பீட்ரூட், மாதுளை போன்ற சிவந்த சாறுகள் வேண்டாம், வாந்தி வந்தால் இரத்தமா சாறா என்று தெரியாது. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப் போடாதீர்கள். டெங்குவில் உயிர் போவது பெரும்பாலும் கசிவினால், தட்டணு எண் குறைந்ததால் மட்டும் அல்ல. எண் ஏறினாலும் கசிவு நின்றுவிட்டது என்று பொருள் இல்லை. கசப்புச் சாறு வாந்தியைக் கிளப்பினால் குடித்த கஞ்சியும் போய்விடும். இரத்தக் கசிவு இல்லாத நோயாளிக்கு 10,000-க்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்றுவதில்லை. 40,000 என்று ரிப்போர்ட் பார்த்துவிட்டு டோனர் தேடி ஓடுவதை விட, அன்றைய ஹெமட்டோகிரிட் என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள்.

யாரை வீட்டில வெச்சுப் பார்க்கவே கூடாது?

கர்ப்பிணி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை, முதியவர், சர்க்கரை, சிறுநீரகம், இதயம் என்று ஏற்கெனவே நோய் உள்ளவர். இவர்களுக்கு அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

நீலகிரியில் இதோடு ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும், அது சிக்கிள் செல் இரத்தசோகை, சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1952-இல் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு டெங்கு வந்தால் நிலைமை வேகமாக மோசமாகலாம். உடம்பில் நீர் குறைந்தாலே சிக்கிள் செல் வலி கிளம்பும். அந்த வலிக்கு வழக்கமாகக் கையில் இருப்பது டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவைதான். ஆக மூட்டு வலியோடு காய்ச்சலும் வந்தால், வழக்கமான வலி என்று நினைத்து அந்த மாத்திரையைப் போடாமல், சிக்கிள் செல் அட்டையை எடுத்துக்கொண்டு முதல் நாளே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. தினமும் இதய ஆஸ்பிரின் சாப்பிடறார். காய்ச்சல் வந்தா அதையும் நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். 75 மில்லிகிராம் என்றாலும் தட்டணுவை முடக்க அது போதும். ஆனால் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆன ஒருவர் திடீரென்று நிறுத்தினால் அதற்குள் இரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். தட்டணு எண்ணிக்கை, ஸ்டென்ட் வைத்த தேதி, கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகள் மூன்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அதனால் காய்ச்சல் வந்த அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியோடு கூட்டிப் போங்கள்.

எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்தாச்சு. முழங்கால் மாத்திரையை எப்போ திரும்ப ஆரம்பிக்கலாம்?

பசி திரும்பி, சிறுநீர் தாராளமாகப் போய், கை காலில் சிவந்த தடிப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகளோடு அரிப்பு வருகிறது என்றால் உடம்பு தேறும் கட்டம் அது. அரிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தட்டணு எண்ணிக்கை பழைய நிலைக்கு வர இன்னும் சில நாள் ஆகலாம். காய்ச்சல் தொடங்கி இரண்டு வாரமாவது போகட்டும், ஒரு தடவை இரத்தப் பரிசோதனை செய்து தட்டணு 1,50,000-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகு ஆரம்பியுங்கள். அதுவரை முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடமும், தேவையானால் மேலே சொன்ன அளவில் பாராசிட்டமாலும். ஆரம்பித்த முதல் வாரத்தில் மலம் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே காட்டுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மலம் அதனாலும் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.